மெத்தை வாசலுக்கு வரும், மாடிக்கு வருமா?

வவுனியா நகரில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து மகளுடன் இருக்கும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தையல்தான் தொழில். 2009இல் காயப்பட்ட இடுப்பில் ஒரு சன்னத் துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. பகல் முழுவதும் மெசினுக்கு முன்னால் குனிந்திருந்துவிட்டு இரவில் பழைய பஞ்சு மெத்தையில் படுத்தால் விடியும்போது எழுந்திருக்க முடியாது. பஞ்சு நடுவில் பள்ளமாகி, கட்டில் பலகை முதுகில் முட்டும் நிலை.

கடந்த வருடம் ஜெர்மனியில் இருக்கும் தம்பி, "அக்கா, நான் இங்கையிருந்தே இணையத்தில ஓர்டர் பண்ணிவிடுறன். பிடிக்காட்டி பதினாலு நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், யோசிக்காதேங்கோ" என்று சொல்லி, கொழும்பிலுள்ள ஒரு கடையின் இணையத்தளத்தில் 68,000 ரூபாவுக்கு ஒரு மெத்தைக்குக் காசு கட்டினார். 75 அங்குல நீளம், 60 அங்குல அகலம், 10 அங்குலத் தடிப்பு. ஸ்பிரிங் மெத்தை. படத்துக்குக் கீழே 'ஓர்தோபீடிக்' என்று போட்டிருந்தது. வவுனியாவுக்குக் கொண்டுவர 4,500 ரூபா தனி.

லொறி வந்தது. பொடியன்கள் இரண்டு பேர் மெத்தையை இறக்கிக் கேற்றில் சாத்தி வைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். "மேல ஏத்தித் தாங்கோ தம்பி" என்று அக்கா கேட்டதற்கு, "அம்மா, எங்களுக்கு கேற் வரைக்கும்தான். மேல ஏத்துறது எங்கட வேலை இல்லை" என்று பதில். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு 2,000 ரூபா கொடுத்து ஏற்றப் பார்த்தார். அந்த வீட்டின் படி வெளிப்பக்கமாக ஏறி, பாதியில் மறுபக்கம் திரும்பும் படி. அகலம் மூன்றடிக்கும் குறைவு. திருப்பத்தில் மெத்தை சிக்கியது. வந்தவர்கள் பஞ்சு மெத்தையை மடிப்பதுபோல அதை நடுவில் மடித்து இழுத்துக்கொண்டு போய் மேலே போட்டார்கள்.

அன்று இரவே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. புரளும்போதெல்லாம் 'கிரீச்' என்று சத்தம். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பிழை யாருடையது என்று கேட்டால் மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். நான் அதைச் சற்று அவிழ்த்துப் பார்க்கிறேன். ஏனென்றால் வெளிநாட்டு உறவுகள் இப்படிச் சாமான் வாங்கி அனுப்புவது எங்கள் வீடுகளில் இப்போது வழக்கமாகிவிட்டது.

முதலில் தம்பி சொன்ன பதினாலு நாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் நாட்டில் அது உண்மை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இணையத்தில் வாங்கிய பொருளை, காரணம் எதுவும் சொல்லாமல், 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். மெத்தை விடயத்தில் வழக்கே நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஒருவர் இணையத்தில் வாங்கிய மெத்தையின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுக்கக் கேட்டார். உறை கழன்றால் சுகாதாரக் காரணத்தால் எடுக்க முடியாது என்று கடைக்காரர் மறுத்தார். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், உடுப்பைப் போட்டுப் பார்ப்பதைப் போன்றதுதான் இதுவும், மெத்தையைச் சுத்தம் செய்து மீண்டும் விற்கலாம், ஆகவே உறையைக் கழற்றியதால் உரிமை போகாது என்று தீர்ப்புச் சொன்னது.

ஆனால் அந்த உரிமை, பொருளோடு சேர்ந்து கப்பலேறி எங்களிடம் வராது. மெத்தையை விற்றது கொழும்புக் கடை. எங்கள் நாட்டில் பாவனையாளரைப் பாதுகாக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் அப்படியொரு 14 நாள் உரிமை கிடையாது. கடைக்காரர் தன் நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறாரோ அதுதான். அந்தக் கடையின் நிபந்தனையில், பிளாஸ்ரிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தால் மட்டும் ஏழு நாட்களுக்குள் திருப்பி எடுப்போம் என்று இருந்தது. உறையைப் பிரிக்காமல் மெத்தையில் படுத்துப் பார்ப்பது எப்படி? அப்படியானால் அது பரீட்சார்த்தக் காலமே அல்ல. வெறும் 'பிரிக்காத சாமான் திருப்பி எடுக்கப்படும்' என்ற வாசகம்தான்.

அக்கா அடுத்ததாக நம்பியது 'பத்து வருட உத்தரவாதம்' என்ற வரியை. இங்கேதான் எங்களில் பலர் தடுமாறுகிறோம். பரீட்சார்த்தக் காலம் என்பது, மெத்தையில் குறை எதுவும் இல்லாவிட்டாலும், என் முதுகுக்கு ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் வசதி. உத்தரவாதம் என்பது, தயாரிப்பில் குறை இருந்தால் மட்டும் திருத்தித் தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்ற வாக்கு. கடினமாக இருக்கிறது, சூடாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் வராது. பள்ளம் விழுந்தாலும், குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் விழுந்தால்தான் ஏற்பார்கள். அந்த ஆழம் பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் என்று போட்டிருக்கும். மடித்தது, நனைந்தது, கறை பட்டது, சரியான பலகையில் போடாதது, இவை எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. ஸ்பிரிங் மெத்தையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் சுற்றித் தடித்த உருக்குக் கம்பி ஒன்று ஓடும். மெத்தையை மடித்தால் அந்தக் கம்பி கோணும். கோணிய கம்பி திரும்ப நேராகாது. சத்தமும் தூக்கிய மூலையும் அதனால்தான். கடைக்காரர் படத்தைப் பார்த்தவுடனேயே, "இது மடிச்சது, வோறண்டி இல்லை" என்றுவிட்டார்.

கெஞ்சிக் கேட்டபோது, சொந்தச் செலவில் கொழும்புக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து தந்தால், இருபது வீதம் கழித்துக்கொண்டு மிச்சக் காசைத் தருவதாக இரங்கினார். அக்காவும் நானும் ஒரு கொப்பித் தாளில் கணக்குப் பார்த்தோம். 68,000இல் இருபது வீதம் 13,600. வவுனியாவிலிருந்து சின்ன லொறிக்குக் கேட்டது 15,000. கொண்டுவந்த கூலி 4,500 திரும்ப வராது. ஏற்றிய கூலி 2,000 போனது போனதுதான். மொத்தம் 35,100 ரூபா. மெத்தையும் இல்லாமல், விலையின் பாதிக்கு மேல் நட்டம். அக்கா கொடுக்கவில்லை. சத்தத்தோடேயே அதை மகளின் அறையில் போட்டுவிட்டார்.

திரும்பும் செலவு ஏன் இவ்வளவு கூடுகிறது என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. வெளிநாடுகளில் '100 இரவு படுத்துப் பாருங்கள்' என்று விற்கும் ஸ்பொஞ் மெத்தைகள் காற்றை உறிஞ்சி எடுத்து, உருட்டி, ஒரு பெட்டிக்குள் வரும். இப்போது எங்கள் நாட்டிலும் சில கடைகள் அப்படி அனுப்புகின்றன. கூரியர்காரர் தோளில் தூக்கி வந்துவிடுவார், மாடிக்கும் சுலபமாகப் போகும். ஆனால் வெட்டிப் பிரித்தவுடன் அது ஊதிப் பெருத்துவிடும். வீட்டில் யாராலும் அதைத் திரும்ப அந்தப் பெட்டிக்குள் போட முடியாது. பெட்டியாக வந்தது ஆறடி மெத்தையாகத் திரும்ப வேண்டும், அதற்கு லொறி வேண்டும். '100 இரவு' கொடுக்கும் கடைகளிலும் சிறு எழுத்தில் சில நிபந்தனைகள் இருக்கும். குறைந்தது இத்தனை நாள் படுத்த பிறகே திருப்பலாம், கறை இருக்கக்கூடாது, ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான், தூர இடங்களுக்கு ஏற்றுக்கூலி உங்களுடையது என்று. உறவினர் வெளிநாட்டிலிருந்து ஓர்டர் போடுவதானால், அந்தச் சிறு எழுத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். யார் கூலியில், எந்த ஊரிலிருந்து, எந்த நிலையில் திருப்பி எடுப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இனி 'ஓர்தோபீடிக்'. அந்தச் சொல் தரச் சான்றிதழ் அல்ல. யாரும் எதன்மேலும் அச்சடிக்கலாம். பொதுவாக 'கல்லுப்போலக் கடினம்' என்பதைத்தான் அப்படி விற்கிறார்கள். முதுகு நோவென்றால் கடினமான மெத்தை என்று எங்கள் பெரியவர்களும் சொல்லுவார்கள். ஆனால் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரிடம் கடினமான மெத்தையையும் நடுத்தரக் கடின மெத்தையையும் கொடுத்து 90 நாட்கள் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே நோவு கூடுதலாகக் குறைந்தது. உடலில் சன்னம் உள்ளவர்கள், எலும்பு முறிந்து பொருந்தியவர்கள், எந்தப் பக்கம் படுத்தால் நோகும் என்பதைத் தங்கள் வைத்தியரிடம் சொல்லிக் கேட்பதுதான் சரி. அது மெத்தைக் கடைக்காரரால் சொல்லக்கூடியதல்ல.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். கட்டிலின் உயரம். ஐந்து அங்குல மெத்தை இருந்த கட்டிலில் பத்து அங்குல மெத்தையைப் போட்டால் உட்காரும்போது கால் நிலத்தில் முட்டாது. பொய்க்கால் போடுபவர்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதானே மாட்டுகிறார்கள்? விளிம்பு பொத்தென்று அமுங்கும் மெல்லிய ஸ்பொஞ்சாக இருந்தால் வழுக்கி விழவும் கூடும். வாங்குமுன், இப்போது சுகமாக எழும்பும் கதிரையின் உயரத்தை அளந்து, கட்டில் பலகையின் உயரத்தை அதில் கழித்துப் பாருங்கள். மிச்சம்தான் உங்களுக்கு வேண்டிய மெத்தைத் தடிப்பு.

இந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு அக்கா சீட்டுக்காசு எடுத்துத் தனக்கென்று ஒற்றை மெத்தை வாங்க வெளிக்கிட்டார். ஆறடிக்கு மூன்றடி, ஆறங்குலத் தடிப்பு, ஸ்பொஞ் மெத்தை. இந்த முறை மகள் வட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிய செய்தி இதுதான்:

"வணக்கம். இந்த மெத்தையின் ஸ்பொஞ் அடர்த்தி எத்தனை? மெத்தையின் நிறை எத்தனை கிலோ? வீடு முதலாம் மாடி, படி இரண்டரை அடி அகலம், நடுவில் திருப்பம் உண்டு. அறைக்குள் கொண்டுவந்து வைப்பீர்களா, அதற்கு எவ்வளவு? நீங்கள் சொன்ன அடர்த்தி இல்லாவிட்டால் உங்கள் செலவில் திருப்பி எடுப்பீர்களா? காசு மெத்தை வந்த பிறகு தரலாமா?"

பதில் எழுத்தில் வந்தது. அடர்த்தி 32, மேலே ஏற்ற 1,000 ரூபா, அடர்த்தி பிழையென்றால் திருப்பி எடுப்போம், காசு வந்த பிறகு கொடுக்கலாம். நிறை பற்றி மட்டும் பதில் இல்லை.

அடர்த்தி என்பது ஒரு கன மீற்றர் ஸ்பொஞ் எத்தனை கிலோ நிற்கும் என்ற கணக்கு. அது கடினத்தைக் குறிப்பதல்ல. அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்சையும் புதிதில் கடினமாகச் செய்யலாம், ஆனால் உள்ளே காற்றுத்தான் கூட, ஆகவே தினமும் ஒரே இடத்தில் படுக்கும்போது சீக்கிரம் பள்ளம் விழும். 16, 18 அடர்த்தி எப்போதாவது வரும் விருந்தாளிக்குப் போதும். வருடக்கணக்காகப் படுக்க 30க்கு மேல் வேண்டும். நல்ல விடயம் என்னவென்றால், இதை உறையைப் பிரிக்காமலே வீட்டில் சோதிக்கலாம். அடிக் கணக்கில் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பெருக்குங்கள். ஆறு, மூன்று, அரை அடி. பெருக்கினால் ஒன்பது கன அடி. மெத்தையை நிறுத்து, வந்த கிலோவை ஒன்பதால் பிரித்து, 35ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அடர்த்தி. 32 என்றால் அந்த மெத்தை எட்டுக் கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும்.

மெத்தை வந்தது. பக்கத்து நெல் வியாபாரியிடம் கடன் வாங்கி வைத்திருந்த தொங்கு தராசில், கேற்றடியில், உறையோடேயே கொழுவி நிறுத்தார்கள். 5.9 கிலோ. ஒன்பதால் பிரித்து 35ஆல் பெருக்க, 23. துணி உறையின் நிறையும் அதற்குள் அடக்கம், அதைக் கழித்தால் இன்னும் குறையும். கொண்டுவந்த தம்பி முதலில் சிரித்தார். பிறகு மகள் வட்ஸ்அப் செய்தியைக் காட்டியதும் கடைக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தார். 'களஞ்சியத்தில் மாறி ஏற்றிவிட்டார்கள்' என்று விளக்கம். உண்மையாகவும் இருக்கலாம். காசு கொடுக்கவில்லை, உறை பிரிக்கவில்லை, ஆகவே சண்டையும் இல்லை. மெத்தை அதே வாகனத்தில் திரும்பிப் போனது. பத்து நாளில் வந்த அடுத்தது 9.1 கிலோ.

தராசையும் ஏமாற்றலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பிழை. சுண்ணாம்புத் தூள் கலந்த ஸ்பொஞ் நிறை காட்டும், ஆனால் சீக்கிரம் உடைந்து உதிரும். உறைக்குச் சிப் இருந்தால் திறந்து விளிம்பை விரலால் தேயுங்கள், வெள்ளைத் தூள் கையில் ஒட்டினால் அதுதான். கழிவு ஸ்பொஞ்சை நொருக்கி ஒட்டிய மெத்தையும் நல்ல நிறை, நல்ல கடினம். வெட்டுமுகத்தில் பல நிறத் துண்டுகள் தெரியும். அது கெட்ட சாமான் அல்ல, விலை குறைவாக இருக்க வேண்டிய சாமான், முதுகு நோவுக்குத் தனியாகப் போட ஏற்றதல்ல. இறப்பர்ப் பால் மெத்தை என்று கூடிய விலைக்கு விற்றால், அதே ஆறங்குல ஒற்றை மெத்தை பதினைந்து கிலோவுக்கும் மேல் நிற்க வேண்டும். எட்டுக் கிலோ நின்றால் அது ஸ்பொஞ்தான், அல்லது மேலே ஒரு படை மட்டும் இறப்பர். இறப்பர்ப் பால் மெத்தையைப் பஞ்சு மெத்தைபோல வெயிலில் காயப் போடாதீர்கள், வெயில் பட்டால் நொருங்கத் தொடங்கும். தும்பு மெத்தை எங்கள் வெக்கைக்கு நல்லது, காற்றோட்டம் உண்டு. ஆனால் சீமெந்து நிலத்தில் நேரே போட்டால் அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும்.

மாடிக்கு ஏறுமா என்று பார்ப்பதற்கு எங்கள் அக்கா இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி இது. பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, மெத்தையின் நீள அகலத்துக்கு ஒரு அட்டை செய்து, இரண்டு பேர் பிடித்துப் படியேறிப் பாருங்கள். திருப்பத்தில் அட்டை வளையாமல் போக வேண்டும். போனாலும் தடிப்புக்காகச் சுவரோடு ஒரு சாண் இடம் மிஞ்ச வேண்டும். மேல்தட்டுக் கூரை இடிக்கிறதா என்றும் பாருங்கள், சுவரை மட்டும் பார்த்துவிட்டு மேலே பார்க்காமல் விடுவோம். அட்டை போகாவிட்டால் அந்த அளவில் ஸ்பிரிங் மெத்தை வேண்டாம். ஸ்பொஞ் மெத்தையை வளைத்து ஏற்றலாம், அல்லது இரண்டு ஒற்றை மெத்தை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்.

செற்றிக்கும் இதே அட்டை உதவும், ஆனால் செற்றி வளையவே வளையாது. அதன் கால்கள் கழற்றக்கூடியவையா, கைப்பிடி தனியாகக் கழருமா என்று கேளுங்கள். மூலைச் செற்றி என்றால் நீண்ட பக்கம் இடமா வலமா என்பதை, செற்றிக்கு எதிரே நின்று பார்க்கும்போதா, அதில் உட்கார்ந்திருக்கும்போதா என்று தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பக்கம் மாறி வந்தால், 'நீங்கள்தான் பிழையாகச் சொன்னீர்கள்' என்று திருப்பும் கூலி உங்கள் தலையில் விழும்.

கடைக்காரர் எழுத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று என்றால், அது மனம் மாறிய விடயம் அல்ல. அங்கே சட்டம் உங்கள் பக்கம். விளம்பரப் படம், வட்ஸ்அப் செய்தி, தராசில் நிறுத்த படம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பேஸ்புக்கில் விற்பவர், பெயரும் முகவரியும் இல்லாமல், வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் தந்தால் முன்காசு போடாதீர்கள். முறைப்பாட்டில் யாருடைய பெயரை எழுதுவது?

தம்பி போன மாதம் அழைப்பு எடுத்து, தனக்கும் ஒரு செற்றி வாங்க வேண்டும், தான் நான்காம் மாடி, லிஃப்ட் சின்னது என்றாராம். "முதலில அட்டை ஒண்டை வெட்டு" என்று அக்கா சொன்னார்.